தெலுக் இந்தான் பழைய டவுன்: அம்மாவோடு அரை நாள் நடக்க எந்தப் பக்கமாகப் போவது?

மலர் செர்டாங்

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவைத் தெலுக் இந்தானுக்குக் கூட்டிப் போகிறேன். அம்மாவுக்கு வயது 68. பிறந்து வளர்ந்தது ஜெண்டராட்டா பக்கத்துத் தோட்டத்தில். சம்பளம் போட்ட மறுநாள் தாத்தாவோடு லாரியில் ஏறி டவுனுக்கு வந்த கதையை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். கல்யாணம் ஆகி வெளியூர் போன பிறகு டவுனுக்குள் இறங்கி நடந்ததே இல்லையாம்.

வழிகாட்டி யாரும் வேண்டாம், நாங்களே நடக்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி உண்டு, ஆனால் மெதுவாக நடப்பார். வெயில்தான் ஆகாது. சாய்ந்த கோபுரம், பழைய கடைத்தெருக்கள், ஆற்றோரம், அப்புறம் செட்டியார் கோயில். இதை நடுவில் தே குடிக்க உட்கார்ந்து, நிழலிலேயே முடிக்க முடியுமா? எத்தனை மணிக்கு ஆரம்பிப்பது, எந்தப் பக்கம் நடப்பது?

கேமரன் காத்தி

தங்கச்சி, தேயிலைத் தோட்டம் பார்க்க தெலுக் இந்தான் போய் என்ன பயன்? தாப்பாவிலிருந்து மலையேறினால் கேமரனில் தேயிலைக் காட்டுக்குள்ளேயே நடக்கலாம், வெயிலே தெரியாது. குளிருக்கு ஒரு சட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போ கம்பெனி தோட்டம் 1929இல் ஆரம்பித்தது, பார்க்க வேண்டிய இடம்.

மலர் செர்டாங்

காத்தி அண்ணே, நான் கேட்டது தே குடிக்க உட்காரும் கடை, தேயிலைத் தோட்டம் இல்லை. அம்மா தோட்டம் பார்த்து வளர்ந்தவர், இப்போது டவுன் பார்க்க ஆசைப்படுகிறார்.

தாப்பா ரோடு தம்பி

காலையில் போகாதீர்கள் அக்கா. சாயந்தரம் நாலு மணிக்கு மேல் ஆரம்பித்தால் வெயில் இறங்கியிருக்கும். கோபுரத்தின் விளக்கையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம். நான் எப்போதும் அப்படித்தான். பழைய டவுன் முழுக்கக் கடைகளுக்கு முன்னால் அஞ்சடி நடைபாதை இருக்கிறது, மேலே கூரை. எந்தப் பக்கம் நடந்தாலும் நிழல்தான். இதற்கு யோசனையே வேண்டாம்.

பழைய அளவைக்காரன்

தம்பி சொல்வதில் பாதி சரி. மாலையில் சூடு இறங்கும் என்பது உண்மை. ஆனால் நம் ஊரில் மழை பெரும்பாலும் மூன்று மணியிலிருந்து ஆறு மணிக்குள்தான் இடியோடு கொட்டுகிறது. 68 வயது அம்மாவோடு அந்த நேரத்தை நம்பி இறங்கினால், பாதி நாள் அஞ்சடியில் நின்று மழையைப் பார்ப்பதிலேயே போய்விடும். தவிர, காலைக் கடைகள் பல மதியத்துக்கு மேல் மூடிவிடுகின்றன. ஆகவே காலையே நல்லது.

முப்பது வருடம் நில அளவையில் இருந்தவன் நான். வெயிலில் நின்று வேலை செய்தவனுக்கு நிழல் எங்கே என்பதுதான் முதல் பாடம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கடிகாரம். நம் கடிகாரத்தில் பன்னிரண்டு மணி என்பது சூரியனுக்குப் பன்னிரண்டு இல்லை. பேராக் பக்கம் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய ஒன்றேகால் மணிக்கு. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்பத்தின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், அதிலிருந்து இப்படித்தான். (அதே வருடம்தான் தெலுக் ஆன்சன் என்ற பெயரும் தெலுக் இந்தான் ஆனது. உங்கள் அம்மா பழைய பெயரையே சொல்வார், பாருங்கள்.) இதனால் நமக்கு ஒரு லாபம். ஏழேகால் வாக்கில்தான் விடிகிறது, பத்து மணிக்கும் சூரியன் பாதி உயரத்துக்குக்கூட ஏறியிருக்காது. ஏழரைக்கு ஆரம்பித்துப் பதினொன்றரைக்கு முடித்தால் நாலு மணி நேரம் கிடைக்கிறது. அதற்கு மேல் நடக்க வேண்டாம்.

இனி அஞ்சடி. மேலே கூரை இருப்பதால் எப்போதும் நிழல் என்று தம்பி நினைக்கிறார். காலை வெயில் மேலிருந்து வருவதில்லை, பக்கவாட்டில் சாய்ந்து வருகிறது. கிழக்கைப் பார்த்த கடை வரிசையின் அஞ்சடிக்குள் அது கடை வாசல் வரை புகுந்துவிடும். அஞ்சடியின் அகலம் ஆறேழு அடி, தூணுக்குத் தூண் திறப்பு ஒன்பது பத்து அடி உயரம் என்று வையுங்கள். அந்த வெயில் வாசலை விட்டு விலகிப் போகப் பதினொன்று தாண்டிவிடும். கடைக்காரர்களுக்கு இது தெரியும். எந்த வரிசையில் காலையில் மூங்கில் தட்டியும் தார்ப்பாயும் தொங்குகிறதோ, அதுதான் வெயில் பக்கம். போனில் திசை பார்க்கவே வேண்டாம், தட்டியைப் பாருங்கள்.

ஆகவே காலையில், தெருவின் கிழக்கு ஓரத்தில் நிற்கும் வரிசையில் நடக்க வேண்டும். அந்தக் கடைகள் மேற்கைப் பார்த்தவை, அவற்றின் முதுகில்தான் வெயில் படும். இரண்டு மாடிக் கடையின் உயரம் எட்டு மீட்டர் என்று கொண்டால், ஜூலையில் பத்து மணிக்கு அதன் நிழல் பத்து மீட்டர் நீளும். அஞ்சடி மட்டுமல்ல, ரோட்டில் பாதியும் நிழல். பதினொன்றரைக்கு அதே நிழல் ஐந்து மீட்டராகச் சுருங்கிவிடும். ஒன்றேகாலுக்கு மேல் கதை தலைகீழ், எதிர் வரிசைக்கு மாற வேண்டும்.

தாப்பா ரோடு தம்பி

ஐயா, அப்படியென்றால் கிழக்கு மேற்காகப் போகும் தெருவில்? அங்கே இரண்டு பக்கமும் ஒன்றுதானே?

பழைய அளவைக்காரன்

ஒன்றில்லை, மாதத்தைப் பொறுத்தது. ஜூலையில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். உச்சியிலேயே பதினேழு டிகிரி வடக்கே சாய்ந்திருக்கும். ஆகவே ரோட்டின் வடக்கு ஓரத்து வரிசையில் நடக்க வேண்டும். டிசம்பரில் சூரியன் தெற்கே, அப்போது தெற்கு வரிசை. யாரோ ஒருவர் டிசம்பரில் போய்வந்து எழுதிய வழியை ஜூலையில் அப்படியே பின்பற்றினால் வெயிலில்தான் நிற்பீர்கள். மற்றபடி, டவுன் தெருக்கள் எல்லாம் கோடு போட்டதுபோல் நேர் திசையில் போவதில்லை. நான் சொன்னது கணக்கு. கண்ணால் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

முட்டி பாலா

நிழல் கணக்கு எல்லாம் சரி ஐயா. ஆனால் முட்டி வலி உள்ளவருக்கு அஞ்சடிதான் எதிரி. போன வருடம் என் அம்மாவை வேறொரு டவுனில் இப்படித்தான் கூட்டிப் போனேன். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்திக் கட்டியிருக்கிறார். ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு அரை அடி ஏற்றம், அடுத்ததில் ஒரு அடி இறக்கம். ஒரு கடையில் அப்போதுதான் கழுவிவிட்ட வழுக்கு மொசைக். அம்மா சறுக்கிவிட்டார். நல்ல வேளை, தூணைப் பிடித்துக்கொண்டார், மணிக்கட்டு மட்டும் வீங்கியது. பதினைந்து நாள் என் அக்கா என்னோடு பேசவில்லை.

பழைய அளவைக்காரன்

பாலா சொல்வதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும், விட்டுவிட்டேன். அஞ்சடி பொது நடைபாதைதான், ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் கடைக்காரர்களின் தலையில் கட்டிய வேலை அது. ஆனால் தரை போட்டவர் அந்தந்தக் கடைக்காரர், அதனால்தான் மட்டம் சேர்வதில்லை. ஏழரை எட்டு மணிக்குக் கடைக்காரர்கள் வாசல் கழுவுவார்கள், தரை ஈரமாக இருக்கும். அந்த நேரத்தில் வெயிலும் மெதுவாகத்தான் அடிக்கும். ஆகவே ஒன்பது மணி வரை ரோட்டோரமே நடங்கள், அதன் பிறகு அஞ்சடிக்குள் ஏறுங்கள். ஏறினாலும் ஒரே மூச்சில் போக வேண்டாம். மோட்டார் சைக்கிளும் சாமானும் வழியை அடைத்திருக்கும் இடத்தில், ஒவ்வொரு தடவையும் படியிறங்கி மீண்டும் ஏறுவது முட்டியைக் கொன்றுவிடும். அப்படிப்பட்ட வரிசையை விட்டுவிட்டு எதிரே தெருவில் விழும் நிழலிலேயே நடந்துவிடலாம். பத்து மீட்டர் நிழல் என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

இனிப்பு வேண்டாம்

அம்மாவுக்கு இனிப்பு நீர் உண்டா மலர்? யாரும் கேட்கவில்லையே என்று கேட்கிறேன். நாலு மணி நேரத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்தால் மூன்று தே. தே தாரிக் மூன்று குடித்தால் என் மாதிரி ஆட்களுக்கு மாலையில் தலை சுற்றும்.

பலர் செய்யும் தப்பு, “தே, கூராங் மானிஸ்” என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருப்பது. தே என்றாலே அதில் டின் கெட்டிப் பால் உண்டு, அந்தப் பாலிலேயே சீனி கிடக்கிறது. சீனியைக் குறைத்தாலும் பால் இனிக்கும். பாலோடு வேண்டும், சீனி வேண்டாம் என்றால் “தே சி கோசோங்” என்று சொல்லுங்கள். சி என்றால் இனிப்பில்லாத பால், கோசோங் என்றால் சீனி இல்லை. பாலே வேண்டாம் என்றால் “தே ஓ கோசோங்”. ஒட்டுக்கடைப் பையன் அவசரத்தில் கோசோங்கை விட்டுவிடுவான். கிளாஸ் வந்ததும் ஒரு மடக்கு குடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுங்கள்.

மலர் செர்டாங்

உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். இதை நான் யோசிக்கவே இல்லை, நன்றி அக்கா. அப்படியானால் மூன்றில் ஒன்று தே சி கோசோங், மற்ற இரண்டும் சுடுதண்ணீர் என்று வைத்துக்கொள்கிறேன். அம்மா ஒத்துக்கொள்வாரா என்பது வேறு.

ஆற்றோரத்தாள்

நான் இந்த ஊர்க்காரி, நாற்பது வருடமாக. ஐயாவின் கணக்கை டவுனில் பொருத்திச் சொல்கிறேன்.

ஏழரைக்கு முதல் கடையில் உட்காருங்கள். முதலில் நடை, அப்புறம் தே என்று நினைக்காதீர்கள். கை கால் இளகிய பின் நடப்பது முட்டிக்கு நல்லது. எட்டேகாலுக்குள் ஆற்றோரம் போய்விடுங்கள். எஸ்பிளனேட் என்று இங்கே சொல்வோம். பேராக் ஆறு எங்கள் ஊரில் பெரிய வளைவு வளைந்து போகிறது, அதைப் பார்த்துக்கொண்டு உட்காரலாம். ஆனால் அங்கே பெஞ்சு இருந்தாலும் எல்லாம் நிழலில் இல்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் காற்று அடிக்கிறது என்று ஏமாந்து நின்றால் முகத்துக்கு நேரே வெயிலும், தண்ணீரில் பட்டு வரும் வெளிச்சமும் சேர்ந்து கண்ணைக் கூசும். ஒன்பது மணிக்கு மேல் ஆற்றோரத்தில் இருக்காதீர்கள். ஆற்றை முதலில் முடிக்கச் சொல்வது அதனால்தான்.

அடுத்தது கோபுரம். 1885இல் கட்டினது, லியோங் சூன் சோங் என்ற சீனக் குத்தகைக்காரர் வேலை. வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தெரியும், உள்ளே மூன்றுதான். மேலே தண்ணீர்த் தொட்டி. உங்கள் அம்மா கீழேயே நிற்கட்டும், படி ஏற வேண்டாம். சாய்வு நன்றாகத் தெரிய வேண்டுமென்றால் கோபுரத்தை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்துக் கடைத் தூணோடு சேர்த்துப் பாருங்கள். தூண் நேராக நிற்க, கோபுரம் விலகி நிற்கும்.

கோபுரத்தைச் சுற்றிய பழைய கடைத்தெருக்களுக்குப் பத்து மணி. ஜாலான் பாசார், ஜாலான் பண்டார் பக்கமெல்லாம் அப்போதுதான் நல்ல நிழல், ஐயா சொன்னபடி. இரண்டாவது கடை அங்கேதான். கடைசியில் பதினொன்றுக்கு ஒரு இடத்தில் உட்கார்ந்துவிட்டுக் காருக்குப் போய்விடுங்கள்.

சி சியோங் ஃபன் வாங்கிப் போகச் சொல்வார்கள், எங்கள் ஊரின் பெயர் போன சாமான் அது. அம்மா சைவமென்றால் கவனம். பார்க்க வெள்ளையாக, வெறும் மாவுபோல் இருக்கும், உள்ளே உலர்ந்த இறால் கிடக்கும். கேட்டே வாங்குங்கள்.

பழைய அளவைக்காரன்

அம்மணி சொன்ன வரிசை என் கணக்குக்கும் சரியாக வருகிறது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். கோபுரம் ஏறக்குறைய இருபத்தைந்தரை மீட்டர் உயரம். ஜூலையில் ஒன்பது மணிக்கு அதன் நிழல் ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும், மேற்குப் பக்கமாகச் சற்றுத் தெற்கே சாய்ந்து விழும். பதினொன்றுக்கு இருபது மீட்டர்தான். ஒன்பதுக்கு நிழலில் இருக்கும் பெஞ்சு பத்துக்கு நிழலில் இருக்காது. நிழல் மெதுவாக ஊரும் என்றே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். ஒருவர் எழுந்து மற்றவரை இடம் மாற்றி உட்கார வைக்க வேண்டிவரும்.

கேமரன் காத்தி

இவ்வளவு கணக்குப் போட்டு நடப்பதற்குக் குடையே பிடித்துவிடலாமே.

பழைய அளவைக்காரன்

பிடிக்கலாம். ஆனால் அஞ்சடியில் குடை விரித்தால் கடைச் சாமானில் மாட்டும். கோபுரத்தடியில் நிற்கும்போது மட்டும் பிடியுங்கள்.

மலர் செர்டாங்

கோயில் எங்கே வைப்பது? தெண்டாயுதபாணி கோயிலை அம்மா விட மாட்டார். காரில் போய்க்கொள்ளலாம்.

ஆற்றோரத்தாள்

முதலில் வையுங்கள். ஏழு மணிக்குப் போனால் காலைப் பூசை, குளித்த உடம்பு, வெறும் வயிறு. நகரத்தார் கோயில், மண்டபம் குளுகுளுவென்று இருக்கும். சித்ரா பௌர்ணமிக்கு இங்கே வந்து பாருங்கள், ஊரே நிரம்பும். அந்த நாளில் நடைப்பயணத்தை நினைக்கவே கூடாது.

முட்டி பாலா

நான் மாற்றிச் சொல்வேன். கடைசியில் வையுங்கள். நடந்து களைத்தபின் மண்டபத்தில் அரை மணி உட்காருவதுபோல் எந்தக் கடையிலும் வராது. பதினொன்றரைக்குள் போய்விட்டால் நடை சாத்தியிருக்காது.

ஆற்றோரத்தாள்

சாத்திவிட்டால்? மதியம் சாத்தினால் சாயந்தரம்தான் திறப்பார்கள். அம்மாவைப் பூட்டின கதவுக்கு வெளியே நிறுத்துவீர்களா?

முட்டி பாலா

அது உண்மைதான். ஆனாலும் காலை ஏழு மணிக்கு செர்டாங்கிலிருந்து வந்து சேருவதற்கு இவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று யோசித்தீர்களா?

மலர் செர்டாங்

போய் வந்தோம். முதல் நாள் இரவே போய்த் தங்கிவிட்டோம், அதனால் நேரம் கையில் இருந்தது.

ஏழு நாற்பதுக்கு முதல் கடை. தே சி கோசோங் என்றுதான் சொன்னேன். வந்தது சாதாரணத் தே, வாயில் வைத்ததும் தெரிந்தது. திருப்பிக் கொடுத்தேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றித் தந்தார். “எனக்குத் தெரியாத தேயா?” என்று அம்மா அதற்குள் முறைத்தார், ஆனால் குடித்தார்.

எட்டரைக்கு ஆற்றோரம். இருபது நிமிடத்தில் அம்மாவே எழுந்துவிட்டார், கண் கூசுகிறதாம். அக்கா, நீங்கள் சொன்னது அச்சு அசல். ஒன்பதுக்குள் கோபுரத்தடி. நிழல் கணக்கு அப்படியே இருந்தது ஐயா. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்து அரை மணிக்குள் நகர வேண்டியதாகிவிட்டது, கூட வந்த என் தம்பி மகன் மட்டும் நகராமல் உட்கார்ந்து முகம் சிவந்துபோனான்.

தடுமாறியது கடைத்தெருவில்தான். தட்டி தொங்காத வரிசையைத் தேடிப் பிடித்தோம், நிழல் நன்றாகவே இருந்தது, ஆனால் நாலு கடை தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் மோட்டார் சைக்கிள். அம்மா இரண்டு தடவை ஏறி இறங்கியதும், “போதும், ரோட்டிலேயே போவோம்” என்று சொல்லிவிட்டார். ரோட்டு நிழலில் நடந்தோம், வண்டிகள் ஒதுங்கிப் போயின. நடந்தது மொத்தம் இரண்டு கிலோமீட்டர்கூட இருக்காது. உட்கார்ந்த நேரம்தான் அதிகம், இரண்டு மணி நேரத்துக்கு மேல். பத்து ஐம்பதுக்கு முடித்தோம், ஐயா சொன்ன பதினொன்றரைக்கு நாற்பது நிமிடம் முன்னாலேயே.

ஒரு கடைக்கு முன்னால் அம்மா நின்றுவிட்டார். தாத்தா தனக்குப் பாவாடைத் துணி வாங்கிய கடை இதுதான் என்றார். இப்போது அங்கே போன் விற்கிறார்கள். “இல்லை, அடுத்த கடையோ?” என்று திரும்பிப் போய்ப் பார்த்தார். மூன்றாவது கடை என்றும் சொன்னார். எந்தக் கடை என்று முடிவாகவில்லை.

கோயிலைக் கடைசியில் வைத்தோம், திறந்துதான் இருந்தது.

பழைய அளவைக்காரன்

அம்மா நின்ற அந்த மூன்று கடையும் எந்தத் தெருவில்? பழைய டவுனில் சில வரிசைகளை இடித்துக் கட்டியிருக்கிறார்கள். தூணின் வடிவத்தைச் சொன்னால் கண்டுபிடிக்கலாம்.

மலர் செர்டாங்

தூணைப் பார்க்கவில்லை ஐயா. ஜாலான் பாசாரிலிருந்து ஒரு திருப்பம் என்று மட்டும் நினைவு. அம்மாவைக் கேட்டுவிட்டு எழுதுகிறேன்.

தாப்பா ரோடு தம்பி

சாயந்தரம் போயிருந்தால் கோபுரத்து விளக்கைப் பார்த்திருக்கலாம் அக்கா.